கோதண்டம் மகள்

நான் எழுதிக்கொண்டு போன லெட்டரை ஷெர்லின் சிஸ்டர் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடி இது, 'மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிச்சு 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள'ன்னு முடிச்சிக்கிற? லீவ் லெட்டரா?"

"நீங்கதான சிஸ்டர் எழுதிக் குடுக்கணும்னு சொன்னீங்க."

"எழுதச் சொன்னேன். அழவைக்கச் சொன்னனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் லெட்டரை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அதில் நான்கே வரிகள் இருந்தன. பதினோரு வருடமாக இந்தக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமை போடுவதோடு இங்கே என் வைத்தியம் முடிகிறது. வேலை மாறி ஓசூர் போகிறேன். ஆரம்பத்திலிருந்து இன்று வரையுள்ள என் மருத்துவப் பதிவுகள் எல்லாவற்றின் நகலும் வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. முதலில் தொண்டை வலி, பிறகு முழங்கால் வீக்கம், அது இறங்கி கணுக்கால் வீக்கம். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வால்வு லேசாகக் கசிகிறது என்றார்கள். காய்ச்சல் மறுபடி வந்தால் கசிவு கூடிவிடும், வராமல் இருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும், இருபத்தைந்து வயது வரைக்குமாவது விடக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் செங்கல்பட்டு போய்வர அப்பாவால் முடியாது. ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. இப்போது எனக்கு இருபத்து மூன்று. இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

ஓசூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற பிளான்ட்டில் குவாலிட்டி செக்கிங்கில் என்னை எடுத்துக்கொண்டார்கள். இங்கே நான்கு வருடம் கான்ட்ராக்ட்டில் நின்ற எனக்கு முதல் முறையாக நிரந்தர வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். ஹாஸ்டல் கிடைத்துவிட்டது. ஊசிதான் கிடைக்கவில்லை. அங்கே இரண்டு கிளினிக்குக்குப் போன் செய்து பார்த்தேன். முதல் இடத்தில் பென்சிலின் என்றதுமே, "அதெல்லாம் நாங்க போடறதில்லம்மா, ரிஸ்க்கு" என்று வைத்துவிட்டார்கள். அந்த ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் தெரியாத ஆளுக்குப் போடப் பயப்படுவார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு நர்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பழைய ரெக்கார்டு மொத்தமும் எடுத்துக்கினு வா. இத்தனை வருஷமா போட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகலன்னு எங்க டாக்டர் கண்ணால பாத்தாருன்னா போடுவாரு. இல்லன்னா இல்ல."

ரெக்கார்டு இல்லை என்றால் ஊசி இல்லை. ஊசி இல்லை என்றால் ஓசூர் இல்லை. எனக்கு அவ்வளவுதான் விஷயம்.

டாக்டர் இளம்பரிதி லெட்டரை வாங்கிப் படித்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் இறந்த பிறகு கிளினிக்கை எடுத்து நடத்துகிறவர். சின்ன வயதுக்காரர். லெட்டரின் மேல் மூலையில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு, ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை என்னிடமே கொடுத்தார்.

"கேட்டா எழுபத்திரண்டு மணி நேரத்துல குடுத்துடணும், அது ரூல். இப்ப புதன்கிழமை காலை பத்து. சனிக்கிழமை காலை பத்துக்குள்ள ரெடி பண்றேன். நான் வந்த பிறகு உள்ளது கம்ப்யூட்டர்ல இருக்கு, பிரின்ட் எடுத்துடலாம். அதுக்கு முந்தினது?"

"அதுக்கு அப்பாவு அண்ணனத்தான் கேக்கணும்" என்றார் ஷெர்லின் சிஸ்டர்.

அப்பாவு அண்ணன் கிளினிக் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். பெருக்குவது, டோக்கன் கொடுப்பது, ஃபைல் எடுப்பது எல்லாம் அவர்தான். ஃபைல்களை அடுக்குவதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்றால் கம்பெனி பேரில் ஒரு கட்டு. உள்ளூர்க்காரர்கள் என்றால் ஊர் பேரில் ஒரு கட்டு, அதற்குள் வீட்டுக்கு ஒரு அட்டை. அட்டையின் மேல் வீட்டு ஆம்பளை பேர் மட்டும். பொண்டாட்டியோ பிள்ளையோ வந்தால் அதே அட்டையில் அடுத்த வரி.

"நீ கோதண்டம் பொண்ணுதான?" என்றார். "வல்லம் வடகால் கட்டுல கீற. அப்பறம் கம்பெனிக்குப் போனல்ல, அதுலேருந்து கம்பெனிக் கட்டுல கீற. ஊசி நோட்டு தனி. மூணையும் சேர்த்தாதான் நீ முழுசு."

"மூணு துண்டா வெட்டி வெச்சிருக்கியே, பாவி" என்றார் சிஸ்டர்.

"எல்லாம் பத்திரமாதான் கீது. பரண்மேல ஏறணும். நாளைக்கு வா."

மறுநாள் மத்தியானம் போனேன். கூட்டம் இல்லை. என்னை டாக்டர் அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேசையின் மேல் ஊசி நோட்டுகள் அடுக்கியிருந்தன. நீள நோட்டுகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, பேர், எடை, ஊசி மருந்தின் பேட்ச் நம்பர், டெஸ்ட் டோஸ் போட்ட நேரம், ஊசி போட்ட நேரம், போட்டவர் கையெழுத்து. என் பேர் இருக்கிற பக்கங்களில் எல்லாம் அப்பாவு அண்ணன் தீக்குச்சி செருகி வைத்திருந்தார். நோட்டு முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் தலைகீழாகப் படித்துக்கொண்டு வந்தேன். தேதிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு என்னென்னவோ தெரிந்தது.

அம்மா எனக்கு ஆறு வயதிலேயே போய்விட்டாள். அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அதனால் ஊசிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது சரோஜா அக்காதான். என்னைவிட ஆறு வயது பெரியவள். அந்த ஊசி கெட்டியான மருந்து, இடுப்புக்குக் கீழே போடுவார்கள், காலே கழன்றுபோகிற மாதிரி வலிக்கும். போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஏதாவது ஆகிறதா என்று பார்ப்பதற்காக. வாசலை ஒட்டிய பெஞ்சில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து அழுவேன். அக்கா ரோட்டைக் காட்டி, "கம்பெனி பஸ்ஸ எண்ணு" என்பாள். "வெள்ளைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ரெண்டு. முப்பது ஆச்சின்னா ரோஸ்மில்க்." ஷிஃப்ட் விடுகிற நேரமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் முப்பது ஆகிவிடும். ஆகாத நாளில் அக்கா தண்ணி லாரியையும் சேர்த்து எண்ணச் சொல்வாள்.

எதிரில் கூல்டிரிங்ஸ் கடை. அதற்கு மேலே மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் ஆறேழு பேர் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் நம்பிராஜன். சனிக்கிழமையானால் சரியாக அந்த நேரத்தில் அவருக்கும் ரோஸ்மில்க் தாகம் எடுக்கும். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. இந்தச் சனிக்கிழமைகள் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதில் அக்கா அவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றார். அந்த வருடம்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன். சமைக்க ஆள் இல்லை. அதன் பிறகு ஊசிக்குத் தனியாக வந்தேன். பஸ் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"டூ தவுசண்ட் ட்வென்டில கூட ஒண்ணு விடலையே" என்றார் டாக்டர் ஆச்சரியமாக.

"ஊரடங்குல நான்தான் வண்டியில வூட்டுக்கே போய்ப் போட்டேன்" என்றார் சிஸ்டர். "சிப்காட் ரோடு காலியா கிடந்துச்சு, நாய்கூட இல்ல. போலீஸ்காரரு நிறுத்தி எங்கம்மான்னு கேட்டாரு. ஊசின்னேன். யாருக்குன்னாரு. உமக்கு வேணா போடட்டான்னேன், வுட்டுட்டாரு."

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். வல்லம் வடகால் கட்டிலிருந்து வந்த அட்டை. மேலே பெரிய டாக்டரின் சாய்ந்த எழுத்தில் 'கோதண்டம்' என்று மட்டும் இருந்தது. அட்டைக்குள் ஒரே தாளில் வரிசையாக வரிகள். அப்பா ரத்த அழுத்தத்துக்கு வந்த தேதிகளுக்கு நேரே 'தான்' என்று இருந்தது. மற்ற வரிகளில் எல்லாம் 'மகள்'. மகள், காய்ச்சல். மகள், வயிற்றுவலி. மகள், இருமல்.

டாக்டரின் விரல் ஒரு வரியில் நின்றது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது. அவர் சிரிப்பை நிறுத்தியதைப் பார்த்து நானும் எட்டிப் பார்த்தேன். 2015 ஆகஸ்ட். மகள். தொண்டை வலி, காய்ச்சல். எடை 46. பென்சிலின் டெஸ்ட் டோஸ் போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். மாற்று ஊசி போட்டு இரண்டு மணி நேரம் படுக்க வைக்கப்பட்டது. பென்சிலின் இனிமேல் ஒருபோதும் கூடாது.

கடைசி வரிக்கு இரண்டு கோடு.

"மதிவதனி, இது என்ன?" என்றார் டாக்டர்.

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். தெரிந்ததைச் சொல்லத்தான் அதிக நேரம் ஆகும். அதற்குள் கதவோரம் நின்ற அப்பாவு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆமா சார், எனக்கு ஞாபகம் கீது. இந்தப் பொண்ணுக்குதான். மூஞ்சி பன்னு மாரி வீங்கிச்சு. நான்தான் ஓடிப்போய் பெரிய டாக்டர சாப்பாட்டுலேருந்து இஸ்துகினு வந்தேன். கோதண்டம் பொண்ணு. நல்லா ஞாபகம் கீது."

"வாய மூடுண்ணா" என்றார் சிஸ்டர். "இதுக்கு ஒத்துக்கலன்னா அதுக்கப்பறம் நூத்தி எண்பது ஊசி யாருக்குப் போட்டோம், உனக்கா? நான் சேர்ந்ததுலேருந்து ஒரு தடிப்பு வந்ததில்ல."

"அப்ப வீங்கிச்சே! நான் பார்த்தேனே!"

டாக்டர் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். பேனாவால் தாளைத் தொட்டார். "எடை நாற்பத்தாறு. அதே மாசம் ஊசி நோட்டுல மதிவதனிக்கு முப்பத்திரண்டுன்னு இருக்கு. இது வேற ஆள். வீட்டுல இன்னொரு பொண்ணு இருந்தாங்களா?"

"அக்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு அந்த நாள் முழுக்கத் திரும்பி வந்தது. வீட்டில் யாருக்குத் தொண்டை வலி வந்தாலும் அது எனக்கு ஒட்டிக்கொள்வதற்குள் காட்டிவிட வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அக்காவுக்குத்தான் வலி. என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவு அண்ணன் ஓடினார். திரைக்கு அந்தப்பக்கம் அக்கா கட்டிலில் கிடந்தாள், மூஞ்சி அவள் மூஞ்சியாக இல்லை. நான் அழுதேன். அவள் வீங்கின உதட்டோடு, "பஸ்ஸ எண்ணு" என்றாள். சாயங்காலம் வீக்கம் வடிந்தது. பெரிய டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இதை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்றார். பஸ் ஏறினதும் அக்கா அந்தச் சீட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஜன்னலில் விட்டாள். "அப்பாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா உன் ஊசிய நிறுத்திடும்" என்றாள். அப்பா அப்படித்தான் செய்திருப்பார். ஒரு மகளை வீங்க வைத்த மருந்தை இன்னொரு மகளுக்குப் போட விட்டிருக்கவே மாட்டார். நானும் சொல்லவில்லை. பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. தாள் மட்டும் பரண்மேல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, வேறு ஆள் பேரில்.

ஒருவழியாக இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி முடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"சரி. இத நான் கிழிக்கவும் முடியாது, அடிச்சு மறைக்கவும் முடியாது. இப்படியே நகல் எடுத்துக் குடுத்தா ஓசூர்ல சிவப்புக் கோட்டப் பாத்ததும் உன்ன வெளிய அனுப்பிடுவாங்க. இது உங்க அக்காவோட வரின்னா அது உனக்குக் குடுக்கக் கூடாததும்கூட. அவங்க விஷயம், அவங்க கேட்டாதான் குடுக்கணும். ஆனா எல்லா வரியிலயும் வெறும் 'மகள்'னுதான் இருக்கு. எது உன்னுது, எது அவங்களதுன்னு தப்பில்லாம பிரிக்கணும். அங்க ஊசி போடறவங்க என் கையெழுத்த நம்பித்தான் போடுவாங்க. எடைய வெச்சு நான் ஊகம் பண்ணலாம். அப்பாவு அண்ணன் வேற சத்தியம் பண்றாரு."

"பார்த்தேனே சார்."

"அக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சிடும். பேச முடியுமா?"

எட்டு வருடம் பேசவில்லை என்று எப்படிச் சொல்வது? நம்பர் கூடத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். நாளை வெள்ளி. நாளைக்கு மறுநாள் காலை பத்து மணி. திங்கட்கிழமை ஓசூர்.

வெளியே வந்து பழைய பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷெர்லின் சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு போன் வரும்" என்றார். "ஹேப்பி கிறிஸ்துமஸ்னு கூட முதல்ல சொல்லாது. 'அவ ஊசி விடாம போட்டுக்கறாளா சிஸ்டர்'னுதான் கேக்கும். போட்டுக்கறான்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல நானும் சொன்னதில்ல, அதுவும் கேட்டதில்ல."

நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னாடி முறைக்கிற? உங்கிட்ட சொல்லாதீங்கன்னு அதுதான் சொல்லிச்சு. உங்க அப்பாகிட்ட நீ திட்டு வாங்குவியாம். நம்பரும் நான் குடுக்க மாட்டேன், அது குடுன்னு சொல்லாம எப்படிக் குடுக்கறது? நான் கூப்புடறேன். உங்கிட்ட பேசறேன்னு அது சொன்னா பேசு."

எழுந்து ஊசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் போக ஆரம்பித்திருந்தன. நான் எண்ணவில்லை என்றுதான் நினைத்தேன். சிஸ்டர் கதவைத் திறந்தபோது பதினான்கு ஆகியிருந்தது.

போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இந்தப் பக்கமும் அதுதான் போயிருக்கும்.

"அக்கா" என்றேன்.

"என்னட்டி" என்றாள்.

அக்கா குரல்தான். ஆனால் அந்த 'என்னட்டி' அவளுடையது இல்லை, நம்பிராஜன் ஊருடையது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

"எதுக்குடி சிரிக்கிற? ஏழு வருஷம் அங்க குப்பை கொட்டினா நாக்கு மாறாதா?" என்று அவளும் சிரித்தாள். "இப்பதான் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகுது. சிங்கப்பெருமாள் கோவில்லதான் கீறோம். ஸ்டேஷனுக்குப் பின்னால."

சிங்கப்பெருமாள் கோவில். நான் தினமும் ஷேர் ஆட்டோ பிடிக்கிற இடம்.

சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அது நான்தான்டி. சீட்டக் கிழிச்சது தப்பு. அப்பறம் எத்தன ஆஸ்பத்திரில கேட்டுட்டாங்க தெரியுமா, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு. என் தங்கச்சிக்குப் போடற ஊசி எனக்கு ஒத்துக்காதுன்னு சொல்லுவேன். அது பேரு என்னம்மான்னு கேப்பாங்க. தெரியாது. நர்ஸுங்க சிரிப்பாங்க. பையன் பொறக்கறப்போ பயந்துகினே போய்ப் படுத்தேன்."

"பென்சிலின்கா."

"எழுதிக் குடுப்பாங்களா?"

"நீ கேட்டாதான் குடுப்பாங்களாம். எழுதிக் கேக்கணும்."

"சனிக்கிழமைதான உனக்கு?" என்றாள். அவள் கணக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்துவிட்டாள். கொஞ்சம் பருத்திருந்தாள். கையில் ஆதார் அட்டையும் ஒரு லெட்டரும். லெட்டரை வாங்கிப் பார்த்த ஷெர்லின் சிஸ்டர், "இதுவும் மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்குதான். உங்க வூட்டுல வேற மாரி எழுதவே தெரியாதா?" என்றார்.

அப்பாவு அண்ணன் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கோதண்டத்துக்கு ரெண்டு பொண்ணு இல்ல? அட்டைய மட்டும் பார்த்துகினு மூஞ்சிய வுட்டுட்டேன் பார்."

"உன்னாலதான்யா இம்மாம் வேலை" என்றார் சிஸ்டர்.

"நல்லதுக்குன்னு நினைச்சுக்க. தனித்தனி அட்டைன்னா இன்னைக்கு இது வந்திருக்குமா?"

டாக்டர் அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, அந்தத் தாளில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதேபோலக் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது. ஒரு இருமல் மட்டும் யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. எடையை வைத்துப் பார்த்து அக்காவுடையது என்றார். மூலத் தாளில் எதையும் அழிக்காமல், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேரை எழுதி, இன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டார். இனிமேல் இரண்டு பேருக்கும் தனித்தனி ஃபைல் என்று அப்பாவு அண்ணனிடம் சொன்னார். நகல் எடுப்பதற்காக அப்பாவு அண்ணன் பழைய காலண்டர் தாளைப் பட்டை பட்டையாக வெட்டினார். என் நகலுக்கு அக்காவின் வரிகள் மேலும் அப்பாவின் வரிகள் மேலும் பட்டை. அக்காவின் நகலுக்கு என் வரிகள் மேலும் அப்பாவின் வரிகள் மேலும் பட்டை. மெஷினிலிருந்து வந்தபோது என் தாளில் நடுநடுவே வெள்ளையாக இருந்தது. அடியில், 'மறைக்கப்பட்டவை வேறு நபர்களின் பதிவுகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஊசி நோட்டின் பக்கங்களை வெள்ளிக்கிழமையே அப்படி எடுத்து வைத்திருந்தார்கள், மற்றவர்கள் பேரை மறைத்து, என் வரி மட்டும். கடைசியில் ஒரு முழுப்பக்கச் சுருக்கம். நோயின் பேர், மருந்தின் அளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த வருடத்திலிருந்து, இதுவரை எந்த ஒவ்வாமையும் இல்லை, அடுத்த ஊசி எந்தத் தேதி, எந்த வயது வரை தொடர வேண்டும். ஒவ்வொரு தாளிலும் கிளினிக் முத்திரை. மொத்தம் தொண்ணூற்று நான்கு பக்கம். அதை வாங்கிக்கொண்டதற்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டேன். சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

அக்காவுக்கு ஒரு பக்கம்தான். அதோடு ஒரு சின்ன அட்டை கொடுத்தார் டாக்டர். அதில் அவள் பேரும், 'பென்சிலின் ஒவ்வாமை' என்ற வார்த்தைகளும் சிவப்பில். அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பர்ஸில் பையன் போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இத ஜன்னல்ல வுடாத" என்றேன்.

"போடி."

பிறகு கடைசி ஊசி. டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருந்து, ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு ஷெர்லின் சிஸ்டர் போட்டார். வழக்கமாகப் போடும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். அன்றைக்குப் பேசவில்லை. மருந்து இறங்க இறங்கக் கால் கழன்றது. நான் சின்னப் பிள்ளை இல்லை. நூற்றெண்பது முறைக்கு மேல் பழகின வலிதான். ஆனால் கட்டிலின் மறுபக்கம் அக்கா நின்று என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்ததும் பழையபடி வலிக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். அப்படிச் சொல்லி எட்டு வருடம் ஆகியிருந்தது.

நோட்டில் கடைசி வரியை எழுதிவிட்டு, சிஸ்டர் என்னைப் பார்க்காமல், "ஓசூர்ல போடறவகிட்ட சொல்லு. மெதுவா ஏத்தணும், நிமிஷம் ரெண்டு ஆகணும். அவசரப்பட்டா வலிக்கும். இதெல்லாம் அந்த ஜெராக்ஸ்ல வராது" என்றார்.

அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரில் கூல்டிரிங்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மாடியில் ரூம் இன்னும் இருக்கிறது, கொடியில் யாருடைய யூனிஃபார்மோ காய்ந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா?" என்றாள்.

"ஏ ஷிஃப்ட். ரெண்டு மணிக்கு வரும்."

"பிரஷருக்கு மாத்திரை போடுதா?"

"அது கோதண்டத்தோட வரி. அவரு எழுதிக் கேட்டாதான் சொல்லுவாங்க" என்றேன். அக்கா என் தலையில் தட்டினாள். பிறகு நான் சொன்னேன்: "போடுது. உன் போட்டோவ பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருக்கு. நான் பார்த்தத அதுகிட்ட சொல்லல."

அக்கா தன் நகலை எடுத்தாள், என் கட்டிலிருந்து அதே தாளின் என் நகலையும் உருவி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். என் தாளின் வெள்ளையில் அவள் வரிகள் வந்து உட்கார்ந்தன. அவளுடைய வெள்ளையில் என்னுடையவை. அப்பாவின் இடம் மட்டும் இரண்டிலும் காலியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஓசூரில், அந்த நர்ஸ் என் தொண்ணூற்று நான்கு பக்கத்தையும் புரட்டினார். டாக்டர் சுருக்கத்தைப் படித்தார், முத்திரைகளைப் பார்த்தார், சரி போடலாம் என்றார். நர்ஸ் மட்டும் அந்தத் தாளில் நின்று, "இங்கெல்லாம் ஏம்மா வெள்ளையா இருக்கு?" என்று கேட்டார்.

"அங்க எங்க அக்கா இருக்காங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு டெஸ்ட் டோஸ் போட்டார். மெதுவாக ஏற்ற வேண்டும் என்று நானே வாய் திறந்து சொன்னேன். மெதுவாகத்தான் ஏற்றினார்.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். வாசலில் பெஞ்ச் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. ரோடு இங்கே கொஞ்சம் மேடு. போன் அடித்தது.

"எத்தனடி?" என்றாள் அக்கா.

"பதினொண்ணு. இங்க நீலமே வரமாட்டேங்குது."

"தண்ணி லாரிய சேத்துக்க" என்றாள்.